ரீஃபண்ட் பணம் இப்போது எங்கே நிற்கிறது? கார்டு, வாலட், வங்கிப் பரிமாற்றம்: நாள்கணக்கைப் புரிந்துகொள்ள ஒரு வழிகாட்டி

பணம் கட்டும்போது மூன்று விநாடி. அதே பணம் திரும்பி வர ஆறு நாள், சில நேரம் பத்து நாள். கடைக்காரரைக் கேட்டால் “நாங்கள் அனுப்பிவிட்டோம்” என்கிறார். வங்கியைக் கேட்டால் “எங்களுக்கு எதுவும் வரவில்லை” என்கிறார்கள். பெரும்பாலான சமயங்களில் இருவரும் சொல்வது உண்மைதான். இருவருக்கும் நடுவே பணம் நிற்கும் இடம் ஒன்று இருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்துவிட்டால் யாரைக் கேட்க வேண்டும், எத்தனை நாள் பொறுக்கலாம் என்பது தானாகத் தெளிந்துவிடும்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். ரீஃபண்ட் என்றால் போன பணம் போன வழியிலேயே திரும்பி நடந்து வருவது என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. முதல் பரிவர்த்தனை முடிந்து கணக்கும் தீர்ந்துபோன பிறகு, கடை உங்களுக்கு அனுப்பும் புதிய பரிவர்த்தனைதான் ரீஃபண்ட். அதற்குத் தனித் தேதி, தனி எண், தனி வரிசை எல்லாம் உண்டு. எந்த வரிசையில் அது நிற்கிறது என்பதே நாள்கணக்கை முடிவு செய்கிறது.

படி 1: முதல் பணம் உண்மையில் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள்

கார்டில் பணம் கட்டும்போது இரண்டு தனித்தனி வேலைகள் நடக்கின்றன. முதல் வேலை அங்கீகாரம். கடையின் வங்கி, விசா அல்லது மாஸ்டர்கார்டு போன்ற வலைப்பின்னல் வழியாக உங்கள் வங்கியிடம் “இந்தத் தொகைக்கு இடம் இருக்கிறதா?” என்று கேட்கிறது. உங்கள் வங்கி “இருக்கிறது” என்று சொல்லி, அந்தத் தொகையை ஒதுக்கி நிறுத்திவைக்கிறது. விநாடிகளில் முடிவது இவ்வளவுதான். பணம் இன்னும் நகரவில்லை.

இரண்டாவது வேலை பிறகு வருகிறது. கடை பொருளை அனுப்பியதும், அல்லது அன்றைய விற்பனையை முடித்ததும், அந்தத் தொகையை உரிமை கோருகிறது. அன்றைய கோரிக்கைகள் எல்லாம் ஒரு கோப்பாகத் திரட்டப்பட்டு, கடையின் வங்கியிலிருந்து வலைப்பின்னலுக்குப் போகின்றன. அங்கே வங்கி வாரியாகப் பிரிக்கப்பட்டு, உங்கள் வங்கிக்கு வருகின்றன. இதைக் கிளியரிங் என்கிறார்கள். அதன் பிறகு வங்கிகள் தங்களுக்குள் நிகரத் தொகையைக் கொடுத்து வாங்குகின்றன; அது செட்டில்மென்ட்.

கடை தொகையைக் கோருவதற்கு முன்பே ஆர்டரை ரத்து செய்துவிட்டால் திருப்பி அனுப்பப் பணமே இல்லை. நிறுத்திவைத்ததை விடுவித்தால் போதும். கடை முறையாக ரத்துச் செய்தி அனுப்பினால் சில மணி நேரத்தில், பெரும்பாலும் அடுத்த நாளுக்குள், அந்தத் தொகை விடுபடும். செய்தி அனுப்பாமல் தன் பக்கத்தில் மட்டும் ஆர்டரை மூடிவிட்டால், நிறுத்திவைப்பு தானாகக் காலாவதியாகும்வரை தொங்கும். சாதாரணக் கடைகளுக்கு அது பெரும்பாலும் ஒரு வாரம். தங்கும் விடுதி, வாடகைக் கார் போன்றவற்றில் இறுதித் தொகை முன்கூட்டியே தெரியாது என்பதால் ஒரு மாதம்வரை நீளலாம்.

உங்கள் வங்கிச் செயலியில் அந்த வாங்குதல் “நிலுவையில்” என்று இருக்கிறதா, “பதிவானது” என்று இருக்கிறதா என்று பாருங்கள். நிலுவையில் இருந்தால் நீங்கள் எதிர்பார்க்க வேண்டியது ரீஃபண்ட் அல்ல, விடுவிப்பு. பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். விடுவிக்கப்பட்ட தொகைக்குக் கணக்கு அறிக்கையில் வரவு வரி எதுவும் வராது. வாங்கியதற்கான வரியே சத்தமில்லாமல் மறைந்துவிடும். வரவு வரியைத் தேடிக்கொண்டு வாரக்கணக்கில் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பணம் எப்போதோ அவர்கள் கையில் இருந்தது. ஆகவே தேட வேண்டியது வரவு வரியை அல்ல. செலவு வரி இன்னும் இருக்கிறதா என்பதை.

படி 2: பணம் கட்டிய வழி எது என்று சரியாக அடையாளம் காணுங்கள்

விதி எளிமையானது: வந்த வழியிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். கார்டில் வாங்கியதற்கு ரொக்கமாகத் திருப்பிக் கொடுப்பதைக் கார்டு வலைப்பின்னல்களின் விதிகள் பொதுவாக அனுமதிப்பதில்லை. திருட்டுக் கார்டில் பொருள் வாங்கி, ரொக்கமாகத் திரும்ப வாங்கிக்கொண்டு போவதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. கடைக்காரர் பிடிவாதம் பிடிப்பதாகத் தோன்றும். அவர் கையில் இல்லாத விஷயம் அது.

குழப்பம் வருவது வாலட்டில். வாலட் என்ற ஒரே சொல் இரண்டு வேறுபட்ட பொருள்களுக்கு வழங்குகிறது. ஒன்று, நீங்கள் முன்கூட்டியே பணம் போட்டு வைத்திருக்கும் வாலட். அதில் உங்களுக்கென்று ஓர் இருப்பு இருக்கும். மற்றொன்று, உங்கள் கார்டைப் போனுக்குள் சுமந்துகொண்டிருக்கும் வெறும் உறை. ஆப்பிள் பே இந்த இரண்டாவது வகைக்கு நல்ல உதாரணம். அதில் தட்டிப் பணம் கட்டினால் உண்மையில் பணம் போவது உள்ளே இருக்கும் கார்டிலிருந்துதான். ரீஃபண்டும் அந்தக் கார்டுக்கே, கார்டின் வேகத்திலேயே வரும். “வாலட்டில்தானே கட்டினேன், உடனே வர வேண்டாமா?” என்ற கேள்விக்கு விடை இதுதான்.

இந்த உறை வகையில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. போன் கடைக்குக் கொடுப்பது உங்கள் கார்டு எண்ணை அல்ல, அந்தச் சாதனத்துக்கென உருவாக்கப்பட்ட மாற்று எண்ணை. அதனால் ரசீதில் இருக்கும் கடைசி நான்கு இலக்கம் உங்கள் பிளாஸ்டிக் கார்டில் இருப்பதோடு பொருந்தாது. கடையில் நேரில் போய்த் திருப்பிக் கொடுக்கும்போது வாங்கிய அதே போனைக் கொண்டுபோவது நல்லது. போனின் வாலட் அமைப்பில், அந்தக் கார்டின் விவரத்தில், சாதன எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் பார்க்கலாம்.

படி 3: கார்டின் நாட்காட்டியைக் கணக்கிடுங்கள்

கார்டு ரீஃபண்ட் ஏன் இவ்வளவு மெதுவாக வருகிறது என்பதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. வாங்கும்போது உங்கள் வங்கியிடம் உடனே கேட்டே ஆக வேண்டும். கேட்காமல் பொருளைக் கொடுத்துவிட்டால் கடைக்கு நட்டம். ரீஃபண்டில் அந்த அவசரம் இல்லை. பணத்தை வாங்கிக்கொள்ளச் சம்மதமா என்று உங்கள் வங்கியை யாரும் கேட்கத் தேவையில்லை. ஆகவே நெடுங்காலமாக ரீஃபண்டுக்கு அங்கீகாரம் என்ற முதல் வேலையே கிடையாது. நேராக இரவுக் கோப்பில் ஏறி, கிளியரிங் வழியாக வரும். கோப்பு வந்து சேரும்வரை உங்கள் வங்கிக்கு அப்படி ஒரு ரீஃபண்ட் இருப்பதே தெரியாது. வங்கி ஊழியர் “எங்களுக்கு எதுவும் தெரியவில்லை” என்று சொல்வது சாக்கு அல்ல.

அண்மை ஆண்டுகளில் பெரிய வலைப்பின்னல்கள் ரீஃபண்டுக்கும் முன்கூட்டி ஒரு செய்தி அனுப்பும் முறையைக் கொண்டுவந்திருக்கின்றன. கடையின் மென்பொருளும் உங்கள் வங்கியும் அதைச் செயல்படுத்தியிருந்தால், “ரீஃபண்ட் வருகிறது” என்று செயலியில் அன்றே தெரியும். தெரிவது செய்தி மட்டுமே. பணம் பழையபடி கோப்பில்தான் வருகிறது. சில வங்கிகள் செய்தியை நம்பி முன்கூட்டியே தொகையைப் பயன்படுத்தவும் விடுகின்றன, சில விடுவதில்லை. ஒரே கடையில் ஒரே நாளில் திருப்பிக் கொடுத்த இரண்டு பேருக்கு வெவ்வேறு அனுபவம் கிடைப்பது இதனால்தான்.

இப்போது ஒரு ரீஃபண்டை நாள்வாரியாகப் பின்தொடரலாம். தேதிகள் புரிதலுக்காக நான் அமைத்தவை.

2025 மே 29, வியாழக்கிழமை: ஒருவர் கிரெடிட் கார்டில் இணையக் கடையொன்றில் ஒரு பொருள் வாங்குகிறார். அங்கீகாரம் விநாடிகளில் முடிகிறது. வெள்ளியன்று கடை பொருளை அனுப்பித் தொகையைக் கோருகிறது. ஜூன் 2, திங்களன்று வாங்குதல் அவருடைய கணக்கில் பதிவாகிறது. பொருள் பொருத்தமாக இல்லை என்று திருப்பி அனுப்புகிறார். ஜூன் 4, புதனன்று அது கிடங்குக்குப் போய்ச் சேருகிறது. யாரோ பெட்டியைப் பிரித்துப் பார்த்து, சரி என்று குறிக்கிறார்கள். ஜூன் 6, வெள்ளி மாலை ஏழு மணிக்குக் கணக்குப் பிரிவு ஒப்புதல் கொடுக்கிறது. அந்த நொடியே “உங்கள் ரீஃபண்ட் அனுப்பப்பட்டது” என்று மின்னஞ்சல் போகிறது.

அந்த மின்னஞ்சல் சொல்வது பாதி உண்மை. கடையின் வங்கி அன்றைய கோப்பை மாலை ஐந்து மணிக்கே மூடிவிட்டது. சனி, ஞாயிறு ரீஃபண்ட் கோப்பு ஏற்றுவதில்லை. ஆகவே ரீஃபண்ட் ஏறக்குறைய மூன்று நாள் சும்மா உட்கார்ந்திருக்கிறது. ஜூன் 9, திங்கள் மாலை கோப்பில் ஏறுகிறது. இரவோடு இரவாக வலைப்பின்னல் அதைப் பிரித்து, செவ்வாய் காலை வாடிக்கையாளரின் வங்கிக்குச் சேர்த்துவிடுகிறது. அந்த வங்கி தன் கோப்புகளைச் சரிபார்த்து, எந்தக் கணக்கு என்று பொருத்தி, ஜூன் 11, புதன் இரவு பதிவு செய்கிறது. ஜூன் 12, வியாழன் காலை அவர் கண்ணில் படுகிறது.

மின்னஞ்சலிலிருந்து எண்ணினால் ஆறு நாள். வேலை நாளாக எண்ணினால் நான்கு. இதில் உலகம் முழுக்கக் கோப்புகளைச் சுமக்கும் வலைப்பின்னல் எடுத்துக்கொண்டது ஓர் இரவு மட்டும். மீதி முழுவதும் இரண்டு முனைகளிலும் கரைந்தது: கடைப் பக்கத்தில் கோப்பு மூடும் நேரமும் வார விடுமுறையும், வங்கிப் பக்கத்தில் பதிவு செய்யும் வேலையும். “5 முதல் 10 வேலை நாள்” என்று எல்லாரும் எழுதி வைப்பது இந்த இரு முனைகளின் நிச்சயமின்மையை மூடத்தான். பத்து வேலை நாள் என்றால் நாட்காட்டியில் முழுதாக இரண்டு வாரம். விடுமுறை குறுக்கிட்டால் அதற்கும் மேல்.

மேலே சொன்னவருக்கு இன்னொரு தொந்தரவும் காத்திருக்கிறது. அவருடைய கார்டின் மாதக் கணக்கு ஜூன் 10 அன்று முடிவதாக வைத்துக்கொள்வோம். வாங்கிய தொகை அந்த அறிக்கைக்குள் விழுகிறது. ரீஃபண்ட் 11ஆம் தேதி பதிவாவதால் அடுத்த அறிக்கைக்குப் போய்விடுகிறது. “அதுதான் திரும்பி வந்துவிட்டதே” என்று அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு கட்டினால், பல வங்கிகளில் அது குறைவாகக் கட்டியதாகவே கொள்ளப்படும். வட்டி ஏறும். அறிக்கை முடிந்த பிறகு வந்த ரீஃபண்டை அந்த அறிக்கைக்கான கட்டணமாக எடுத்துக்கொள்ளும் வங்கியும் உண்டு, எடுத்துக்கொள்ளாத வங்கியும் உண்டு. உங்கள் வங்கியிடம் உறுதி செய்யும்வரை அறிக்கையில் உள்ள தொகையை முழுதாகக் கட்டிவிடுவதே பாதுகாப்பு. கூடுதலாகப் போனது கணக்கில் வரவாக நிற்கும். அடுத்த செலவில் கழிந்துவிடும்.

வேறு நாட்டு நாணயத்தில் வாங்கியிருந்தால் தாமதம் தொகையையும் மாற்றும். ரீஃபண்ட் புதிய பரிவர்த்தனை அல்லவா? அதற்கு அன்றைய மாற்று விகிதம்தான். 100 டாலருக்கு வாங்கியபோது விகிதம் 0.90 என்றால் 90 யூரோ போயிருக்கும். திரும்பி வரும் நாளில் விகிதம் 0.88 என்றால் அதே 100 டாலருக்கு 88 யூரோதான் வரும். கடை முழுத் தொகையையும் கொடுத்துவிட்டது. இரண்டு யூரோ எங்கே என்று அதனிடம் கேட்டுப் பயனில்லை. விகிதம் மறுபக்கம் சாய்ந்திருந்தால் லாபம் உங்களுக்கு.

படி 4: இருப்பு வைத்த வாலட்

இதற்கு அதிகம் விளக்கம் தேவையில்லை. உங்கள் இருப்பும் கடையின் இருப்பும் ஒரே நிறுவனத்தின் ஒரே கணக்கேட்டில் இருக்கின்றன. ஒரு வரியில் குறைத்து இன்னொரு வரியில் கூட்டினால் வேலை முடிந்தது. கோப்பு கிடையாது, இரவு கிடையாது, வேறொரு வங்கி கிடையாது. மேலே பார்த்த அதே ரீஃபண்ட் இப்படிப்பட்ட வாலட்டுக்குப் போயிருந்தால் வெள்ளி மாலை ஏழு மணிக்கு ஒப்புதல் கிடைத்த சில நிமிடங்களில் வந்திருக்கும். சனி, ஞாயிறைப் பற்றிக் கவலையே இல்லை. பெட்டியைப் பிரித்துப் பார்க்கும் தாமதம் மட்டும் மாறாது. எந்த வழியிலும் அது மாறாது.

ஆனால் வேகத்துக்கு ஒரு விலை இருக்கிறது. பணம் வாலட்டுக்குள் வந்துவிட்டதே தவிர உங்கள் வங்கிக் கணக்குக்கு வரவில்லை. அங்கிருந்து வங்கிக்கு எடுக்க இன்னொரு பரிமாற்றம் வேண்டும். அதற்குத் தனி நேரம், சில இடங்களில் தனிக் கட்டணம். கடையே நடத்தும் வாலட்டாக இருந்தால் வெளியே எடுக்கவே முடியாமல் போகலாம். “வங்கிக்கு என்றால் ஏழு நாள், எங்கள் வாலட்டுக்கு என்றால் இப்போதே” என்று இரண்டு பொத்தான்களைக் கடை காட்டும்போது இதை நினைவில் வையுங்கள். இரண்டாவது பொத்தானை அழுத்தினால் பணம் கடையை விட்டு வெளியேறவே இல்லை. மறுபடி அங்கேயே வாங்கப் போகிறீர்கள் என்றால் தாராளமாக அழுத்தலாம்.

ஓர் ஆர்டருக்கு வாலட் இருப்பில் பாதியும் கார்டில் மீதியும் கட்டியிருந்தால் ரீஃபண்டும் இரண்டாகப் பிரிந்துதான் வரும். வாலட் பங்கு அன்றே வந்துவிட, “பாதிதான் கொடுத்தார்கள்” என்று சண்டைக்குப் போகும் முன் மறுபாதி எந்த வழியில் போனது என்று ரசீதைப் பாருங்கள்.

படி 5: வங்கிப் பரிமாற்றம்

கார்டில் கடை உங்கள் கணக்கிலிருந்து பணத்தை இழுக்கிறது. வங்கிப் பரிமாற்றத்தில் நீங்கள் தள்ளுகிறீர்கள். இந்த ஒரு வேறுபாடு ரீஃபண்டின் போக்கையே மாற்றிவிடுகிறது. கார்டில் பழைய பரிவர்த்தனையைச் சுட்டிக்காட்டி ரீஃபண்ட் அனுப்பலாம். கணக்கு விவரம் எதுவும் கேட்கத் தேவையில்லை. சாதாரணப் பரிமாற்றத்தில் அப்படிச் சுட்டிக்காட்டும் வசதி பெரும்பாலும் இருக்காது. யாரோ ஒருவர் உங்கள் கணக்கு எண்ணைக் கேட்டு வாங்கி, புதிதாக ஒரு பரிமாற்றம் அனுப்ப வேண்டும்.

அனுப்பிய பிறகு எவ்வளவு நேரம் என்பது அந்தப் பரிமாற்ற முறையைப் பொறுத்தது. ஐரோப்பாவின் செபா சாதாரணப் பரிமாற்றத்துக்கு அடுத்த வேலை நாள்வரை. அதன் உடனடி வகைக்குப் பத்து விநாடி. பிரிட்டனின் ஃபாஸ்டர் பேமென்ட்ஸ், பிரேசிலின் பிக்ஸ், இந்தியாவின் யுபிஐ ஆகியவையும் நாள் முழுவதும், வார இறுதியிலும் இயங்குபவை. பிக்ஸ் முறையில் ரீஃபண்டுக்கென்றே தனி வசதி இருக்கிறது: பணத்தைப் பெற்றவர் பழைய பரிவர்த்தனையைச் சுட்டியே, 90 நாளுக்குள், முழுதாகவோ பகுதியாகவோ திருப்பி அனுப்பலாம்.

அப்படியானால் உடனடிப் பரிமாற்றம் இருக்கும் இடத்தில் ரீஃபண்டும் உடனே வர வேண்டாமா? வருவதில்லை, காரணம் கடையின் உள்ளே இருக்கிறது. பல நிறுவனங்கள் வெளியே போகும் பணத்தை வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் மொத்தமாக அனுப்புகின்றன. ஒருவர் பட்டியல் தயாரிக்க, இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும். பத்து விநாடியில் ஓடும் பாதையின் வாசலில் மூன்று நாள் வரிசை நிற்கிறது. ஆகவே வங்கிப் பரிமாற்ற ரீஃபண்டில் கேட்க வேண்டிய கேள்வி “எப்போது வரும்?” அல்ல, “அனுப்பும் பட்டியலில் ஏறிவிட்டதா, அடுத்த பட்டியல் என்றைக்கு?”

எண்ணில் ஓர் இலக்கம் பிசகினால் இரண்டு விதமாக முடியலாம். அப்படி ஒரு கணக்கே இல்லையென்றால் பணம் சில நாளில் கடைக்கே திரும்பிப் போகும். கடை அதைக் கவனித்து மறுபடி அனுப்ப வேண்டும். அந்த எண் வேறொருவருடையதாக இருந்தால் பணம் அவரிடம் போய்விடும். மீட்பது நீண்ட வேலை. கணக்கு எண்ணைத் தொலைபேசியில் சொல்லாமல் எழுத்தில் கொடுங்கள். அந்த எழுத்துப் பதிவுதான் தவறு யாருடையது என்பதைப் பிறகு சொல்லும்.

படி 6: தாமதமானால் எண்ணைக் கேளுங்கள்

கார்டு ரீஃபண்ட் கோப்பில் ஏறும்போது அதற்கு 23 இலக்க எண் ஒன்று கிடைக்கிறது. ஏஆர்என் என்று சொல்வார்கள். வாங்கியபோது கிடைத்த எண் வேறு, ரீஃபண்டின் எண் வேறு. கடையிடம் கேட்கும்போது ரீஃபண்டின் எண் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். மாதிரிக்கு ஒன்று:

```
7 400000 5160 00001234567 4
```

திரையில் இடைவெளி இல்லாமல் ஒரே நீளமாக இருக்கும். படிக்க வசதியாகப் பிரித்திருக்கிறேன். முதல் இலக்கம் வடிவக் குறி. அடுத்த ஆறும் கடையின் வங்கியைக் குறிப்பவை. பிறகு வரும் நான்கு இலக்கம்தான் நமக்கு வேண்டியது: 5 என்பது ஆண்டின் கடைசி இலக்கம், 160 என்பது அந்த ஆண்டின் எத்தனையாவது நாள். 2025இன் 160ஆவது நாள் ஜூன் 9. கடை 6ஆம் தேதி அனுப்பியதாகச் சொன்னாலும், உண்மையில் புறப்பட்டது 9ஆம் தேதி என்று எண்ணே சொல்லிவிடுகிறது. பிறகு வரும் பதினொன்று அந்தப் பரிவர்த்தனைக்கான வரிசை எண்; கடைசியானது சரிபார்ப்பு இலக்கம்.

இந்த எண்ணை வங்கியிடம் கொடுத்தால் உரையாடல் மாறிவிடும். பெயர், தொகை, தேதி என்று சொல்லித் தேடச் சொல்வதும், நேராக அந்தப் பதிவைத் திறக்கச் சொல்வதும் ஒன்றல்ல. முதல் நிலையில் பேசும் ஊழியருக்கு இந்த எண்ணைத் தேடும் வசதி இல்லாமல் இருக்கலாம். கார்டு பரிவர்த்தனைப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லுங்கள். வங்கிப் பரிமாற்றத்துக்கு இதேபோல ஒரு பரிமாற்றக் குறிப்பு எண் உண்டு. இருப்பு வாலட்டுக்கு அந்த நிறுவனத்தின் பரிவர்த்தனை எண்.

எண் கிடைக்காமல் இருப்பதும் ஒரு தகவல்தான். “அனுப்பிவிட்டோம்” என்று சொல்லி மூன்று நான்கு வேலை நாள் கழிந்தும் கடையால் எண் தர முடியவில்லை என்றால், பணம் இன்னும் கடையின் பக்கத்தை விட்டுக் கிளம்பவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்கு அடிக்கடி காரணமாக இருப்பது வாடிக்கையாளர்களுக்குத் தெரியாத ஒன்று. பெரும்பாலான கடைகள் ரீஃபண்டுக்கென்று தனிப் பணம் வைத்திருப்பதில்லை. பணம் செலுத்தும் சேவை நிறுவனம் அன்றைய விற்பனையிலிருந்து ரீஃபண்டைக் கழித்துக்கொண்டு மீதியைக் கடைக்குக் கொடுக்கிறது. அன்று விற்பனை குறைவாகவும் ரீஃபண்ட் அதிகமாகவும் இருந்தால் கழிக்கப் பணம் இருக்காது. இருப்பு தேறும்வரை ரீஃபண்ட் வரிசையில் நிற்கும். பெரிய தள்ளுபடி விற்பனைக்கு அடுத்த வாரமும், நிகழ்ச்சிகள் மொத்தமாக ரத்தாகும்போதும் இது நடக்கிறது. ஒரு கடையின் ரீஃபண்டுகள் எல்லாமே தாமதமாகின்றன என்று தெரிந்தால் அது கெட்ட அறிகுறி. அங்கே பொறுமை காட்டாதீர்கள்.

எண் இருக்கிறது, வங்கிக்கும் வந்துவிட்டது, ஆனால் கணக்கில் இல்லை என்றால் பெரும்பாலும் கார்டு மாறியிருக்கும். தொலைந்த கார்டுக்குப் பதில் புதியது வாங்கியிருந்தால், ரீஃபண்ட் பழைய எண்ணுக்கு வரும்; வங்கி பொதுவாக அதைப் புதிய கார்டின் கணக்கோடு பொருத்திவிடும். சில நாள் கூடலாம், அவ்வளவுதான். கணக்கையே மூடியிருந்தால் பொருத்த இடம் இருக்காது. பணம் வங்கியின் இடைக்கணக்கில் நிற்கும், அல்லது கடைக்குத் திரும்பும். மூடிய கணக்குக்கு ரீஃபண்ட் வர இருப்பதை வங்கியிடம் முன்கூட்டியே சொல்லி, வேறு கணக்கு எண்ணைக் கொடுத்து வைப்பது அலைச்சலைக் குறைக்கும்.

இந்தக் காத்திருப்பு நாள்களில்தான் மோசடிக்காரர்கள் அழைப்பார்கள். “ரீஃபண்ட் நிலுவையில் இருக்கிறது, ஓடிபி சொல்லுங்கள், பின் எண்ணை அழுத்துங்கள்” என்பார்கள். பணம் பெறுவதற்குப் பின் எண்ணும் ஓடிபியும் தேவையில்லை. அவை பணம் போவதற்கானவை.

படி 7: எப்போது தகராறு பதிவு செய்வது

கடை ரீஃபண்ட் தருவதாக எழுத்தில் ஒப்புக்கொண்டு தரவில்லை என்றால், கார்டில் கட்டியவர் தன் வங்கி வழியாகத் தகராறு எழுப்பலாம். விசாவின் விதிகளில் இதற்கென்றே 13.6 என்ற குறியீட்டில் தனி வகை இருக்கிறது. “ரீஃபண்ட் தருகிறோம்” என்ற மின்னஞ்சலோ ரசீதோ இருந்தால் வழக்கு வலுவாக இருக்கும். பேச்சில் மட்டும் சொல்லியிருந்தால் கடினம்.

அவசரப்பட்டுப் பதிவு செய்வதில் ஓர் இடர் உண்டு. ரீஃபண்ட் கோப்பில் ஏறிய பிறகு தகராறும் எழுப்பினால், வங்கி தற்காலிகமாக ஒரு வரவு வைக்கும். இரண்டு நாள் கழித்து ரீஃபண்டும் வந்து சேரும். கடை தன் ஏஆர்என்-ஐக் காட்டி மறுக்கும். தற்காலிக வரவு சில வாரம் கழித்து, நீங்கள் மறந்திருக்கும் நேரத்தில், திரும்ப எடுக்கப்படும். ஆகவே முதலில் எண்ணைக் கேளுங்கள்; எண் கிடைத்தால் அதில் உள்ள தேதியிலிருந்து பத்து வேலை நாள் பொறுங்கள். எண்ணும் வரவில்லை, எழுத்தில் கேட்ட கேள்விக்குப் பதிலும் வரவில்லை என்றால் வங்கிக்குப் போங்கள். தகராறுக்கான கால வரம்பு இந்த வகைகளில் பொதுவாக 120 நாள் என்ற அளவில் இருக்கிறது. எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்பது வழக்குக்கு வழக்கு மாறும் என்பதால் உங்கள் வங்கியிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். “அடுத்த வாரம் கண்டிப்பாக” என்று கடை நான்காவது முறை சொல்லும்போது அந்தத் தேதி உங்கள் கையில் இருக்க வேண்டும்.

நீங்களே தள்ளிய வங்கிப் பரிமாற்றத்துக்கு இந்த வழி பொதுவாகக் கிடையாது. அங்கே வங்கி கடையை வேண்டிக் கேட்கலாம், கட்டாயப்படுத்த முடியாது. மிச்சம் இருப்பது நுகர்வோர் முறையீடும் சட்டமும்தான். முன்பின் தெரியாத கடையில் பெரிய தொகைக்கு வாங்கும்போது கார்டில் கட்டலாமா, பரிமாற்றம் செய்யலாமா என்று நான் முடிவு செய்வது இதை வைத்துத்தான். ரீஃபண்ட் இரண்டு நாள் முன்னே வருமா, பின்னே வருமா என்பதை வைத்து அல்ல.